‘நேற்றைப் பற்றி என்ன?’: நான்கு முறை மொழி மாறிய ஒரு பிரதியைச் சரிசெய்யப் பார்த்த அனுபவம்

மண்டபத்தில் நான் வைத்திருப்பது சின்ன டைப்பிங் கடை. ஜெராக்ஸ், மனு எழுதுவது, அழைப்பிதழ் அடிப்பது இவைதான் அன்றாட வேலை. பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஓர் அக்கா நான்கு பக்கம் தமிழ்ப் பிரதியோடு வந்தார். அவருடைய அம்மா நாற்பது வருஷத்துக்கு மேல் கடலில் பாசி எடுத்தவர். 2019-ல் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த பெண் அந்த அம்மாவைப் பேசவைத்து, அவர் சொன்னதைத் தமிழில் டைப் செய்திருக்கிறார். 2022-ல் அம்மா காலமாகிவிட்டார். மகளிர் குழு ஆண்டு விழாவுக்கு அதைச் சிறு புத்தகமாகப் போடலாம் என்று அக்கா கேட்டபோது, நிறுவனத்திலிருந்து மின்னஞ்சலில் வந்ததுதான் இந்த நான்கு பக்கம்.

“தம்பி, இதுல எங்க அம்மா இருக்குற மாதிரியே இல்ல. எங்க தப்புன்னும் சொல்லத் தெரியல. சரிபண்ண முடியுமா?” என்றார்.

முதல் பக்கத்தில் பாதி படித்ததும் இந்த வரி வந்தது: “இன்று எல்லாவற்றையும் பறித்துவிட்டால் நேற்றைப் பற்றி என்ன?”

எழுத்துப் பிழை இல்லை, இலக்கணமும் சரிதான். ஆனால் யாரும் இப்படிச் சொல்லமாட்டார்கள். அங்கே ‘நாளைக்கு’ இருந்திருக்க வேண்டும் என்பது உடனே தெரிந்தது. அது எப்படி ‘நேற்று’ ஆனது என்பது அன்று ராத்திரிதான் பிடிபட்டது. நான் மூன்று வருஷம் சூரத்தில் வேலை பார்த்தவன். இந்தியில் ‘கல்’ என்ற ஒரே சொல்தான் நேற்றுக்கும் நாளைக்கும். எது என்பதை வினைச்சொல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். “நாளைக்கு?” என்று அந்த அம்மா வினையே இல்லாமல் நிறுத்தியிருப்பார். இந்தியில் அது ‘கல் கா க்யா’ என்று ஆகியிருக்கும். அங்கிருந்து திரும்பி வரும்போது எந்தப் பக்கம் சாய்வது என்று இயந்திரத்துக்குத் தெரிந்திருக்காது, நேற்றின் பக்கம் சாய்ந்துவிட்டது.

அப்படியென்றால் இது இந்தி வழியாகப் போய்வந்த பிரதி. அக்கா அந்த மின்னஞ்சலை எனக்கு அனுப்பினார். அடியில் தொங்கிய பழைய கடிதங்களைப் படித்ததும் பாதை முழுதாகத் தெரிந்தது. முதலில் அறிக்கைக்காகத் தமிழிலிருந்து ஆங்கிலம். பிறகு வடக்கே ஒரு கண்காட்சிப் பலகைக்காக ஆங்கிலத்திலிருந்து இந்தி. அப்புறம் அந்த இந்தியிலிருந்து மறுபடி ஆங்கிலம். கடைசியில் அக்கா கேட்டதற்காக அந்த ஆங்கிலத்திலிருந்து தமிழ். நான்கு தடவையும் இயந்திர மொழிபெயர்ப்பு, நடுவில் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 2019-ல் டைப் செய்த கோப்பு ஒரு மடிக்கணினியோடு போய்விட்டதாம், ஒலிப்பதிவும் இல்லை.

முதல் இரண்டு ராத்திரி வீணாகப் போனது. வாக்கியம் எங்கே உறுத்துகிறதோ அங்கே காதுக்கு நன்றாகக் கேட்கும் தமிழை எழுதிக்கொண்டே போனேன். மூன்றாம் நாள் படித்துப் பார்த்தால் பிரதி அழகாக இருந்தது, ஆனால் அது நான் எழுதிய பிரதி. அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பிரதியை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து எக்செல் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டேன். மொத்தம் 71 வாக்கியம். பக்கத்தில் மூன்று கட்டம்: வந்திருப்பது, என்னவாக இருந்திருக்கலாம், எதை வைத்துச் சொல்கிறேன். மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லையென்றால் இரண்டாவதிலும் எழுதக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அதன்பின் மூன்று நிறம் தீட்டினேன். கெடாததுபோல் படுவது பச்சை. கெட்டிருக்கிறது, ஆனால் தடயம் இருக்கிறது என்றால் மஞ்சள். கெட்டிருக்கிறது, தடயமும் இல்லை என்றால் சிவப்பு. பச்சை 34, மஞ்சள் 25, சிவப்பு 12 என்று வந்தது.

மஞ்சளில் எனக்குப் பிடித்த வரி இது: “துர்நாற்றம் வீசும் நாட்களில் தெற்குக் கடலில் வேலை செய்வோம்.” கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது நிமிஷத்தில் பிடிபடும். ‘வாடை’தான் துர்நாற்றம் ஆகியிருக்கிறது. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் பாக் விரிகுடாப் பக்கமுள்ள வடகடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள தென்கடல் அடங்கிக் கிடக்கும். அந்த நாட்களில் தெற்கே இறங்குவதுதான் வழக்கம். சொல்லும் பொருந்துகிறது, கடலும் பொருந்துகிறது. அதேபோல “தனித் தீவுக்கு வத்தையில் போவோம்” என்பதில் இருப்பது சிங்கில் தீவு. ‘சிங்கில்’ ஆங்கிலத்தில் ‘ஒற்றை’யாகி, இந்தியில் மொழிபெயர்ந்து, தமிழில் ‘தனி’ என்று வந்து நிற்கிறது. மரிக்கொழுந்துப் பாசி ‘நறுமண மூலிகை’ ஆகியிருந்தது. சொல்லுக்குச் சொல் மாறிய இடமெல்லாம் இப்படித் திரும்பி வரக்கூடியதாக இருந்தது, ஏனென்றால் தவறான சொல்லுக்குள்ளேயே பழைய சொல்லின் இன்னொரு அர்த்தம் ஒளிந்திருக்கிறது.

ஆனால் ஒரு வரியில் நன்றாகவே வழிதவறினேன். “இரண்டு பங்கு தண்ணீரில் நனைத்து எடுப்போம்” என்று இருந்தது. பாசியைக் காயவைக்கும் முன் அலசுவது எல்லோருக்கும் தெரியும். அதனால் “ரெண்டு பங்கு தண்ணியில அலசி எடுப்போம்” என்று எழுதி, ‘கழுவும் முறை’ என்று ஆதாரமும் போட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்து ஒரு பெரியவர் படகுப் பதிவுக்கு மனு எழுத வந்தார். வலை போட்ட இடத்தைச் சொல்லும்போது, “நாலு பாகம் தண்ணி இருக்கும்” என்றார். டைப் செய்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. பாகம் என்பது கடலில் ஆழத்துக்கான அளவு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை, ஏறக்குறைய ஆறு அடி. அந்த அம்மா சொன்னது “ரெண்டு பாகத் தண்ணியில முங்கி எடுப்போம்” என்பதாகத்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டு அடி ஆழத்தில் மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கும் வேலை, பாத்திரத்தில் பாசி அலசும் வேலையாகிவிட்டிருந்தது. ‘முங்கி’ என்பதற்கு ஆள் யார் என்று வாக்கியத்தில் இல்லாததால் பாசியையே முங்கவைத்துவிட்டது இயந்திரம். நான் அதை இன்னும் அழகுபடுத்தியிருந்தேன்.

இதற்குப் பிறகுதான் ஒரு சோதனை முறை கிடைத்தது. இந்த வேலையில் உருப்படியாகக் கண்டது இதுதான். என்னுடைய ஊகத்தை முதல் தமிழாக வைத்துக்கொண்டு, அதையே நான்கு கட்டமும் இயந்திரத்தில் ஓட்டுவது: தமிழ், ஆங்கிலம், இந்தி, ஆங்கிலம், தமிழ். கடைசியில் வருவது கையில் இருக்கும் கெட்ட வாக்கியத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. பூட்டுக்குள் சாவி திரும்புகிறதா என்று பார்ப்பதுபோல. “ரெண்டு பாகத் தண்ணியில முங்கி எடுப்போம்” என்பதை ஓட்டினேன். “இரண்டு பகுதி தண்ணீரில் நனைத்து எடுப்போம்” என்று வந்தது. ‘பங்கு’ இல்லை, ‘பகுதி’. மற்றபடி அதே வாக்கியம். வாடை வரி ‘நாற்றம் அடிக்கும் நாட்களில்’ என்று வந்தது.

ஓட்டுவதில் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, இந்தியிலிருந்து நேராகத் தமிழுக்குத் தாவக் கூடாது. நடுவில் ஆங்கிலத்தை எடுத்து வைத்துப் பார்த்தால்தான் எந்தக் கட்டத்தில் உடைந்தது என்று தெரியும். பல சேவைகள் இந்தியிலிருந்து தமிழுக்குப் போகும்போது உள்ளுக்குள் ஆங்கிலம் வழியாகத்தான் போகின்றன, அது நம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு, 2019-ல் இருந்த இயந்திரமும் இன்று இருப்பதும் ஒன்றல்ல. அதனால் ஒத்துவந்தால் அது நல்ல அறிகுறி. ஒத்துவராவிட்டால் ஊகம் தப்பு என்று சொல்லிவிட முடியாது. மஞ்சள் 25-ல் 17 ஒத்துவந்தது. மீதி 8-ஐ சிவப்புக்கு மாற்றினேன்.

அந்த முறை இன்னொன்றையும் காட்டியது. பிரதியில் “முன்பு அந்தப் பாறையில் புனிதர்கள் மேய்ந்தனர்” என்று ஒரு வரி. முதலில் ஏர்வாடி தர்காவைப் பற்றிய பேச்சோ என்று நினைத்தேன். ‘மேய்ந்தனர்’ என்ற சொல்தான் வழியைக் காட்டியது. இந்தக் கரையில் கடல்பசுவுக்கு ஆவுளியா என்று பெயர். அவுலியா என்றால் இறைநேசர்கள். எழுத்தில் பக்கம் பக்கமாக இருப்பதால் கடல்பசு இறைநேசராகிவிட்டது. பாறை என்பது ‘பார்’, கடலுக்கடியில் இருக்கும் திட்டு. ஆகவே “முந்தி அந்தப் பாருல ஆவுளியா மேயும்.” இதுவரை சரி.

ஆனால் ‘மேயும்’ என்றாரா, ‘மேயுமாம்’ என்றாரா? முதலாவது என்றால் கண்ணால் பார்த்தவர் சொல்வது. இரண்டாவது என்றால் காதால் கேட்டதைச் சொல்வது. பாக் விரிகுடாவில் 2022-ல் கடல்பசுப் பாதுகாப்பகம் அறிவித்திருக்கிறார்கள், முன்பு எங்கே மேய்ந்தது என்று இப்போதும் பெரியவர்களிடம் கேட்கிறார்கள். அதனால் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. இரண்டையும் தனித்தனியாக ஓட்டினேன். முதல் ஆங்கிலக் கட்டத்திலேயே இரண்டும் ஒரே வாக்கியமாக வந்து நின்றன. அந்த ‘ஆம்’ என்ற ஒரு விகுதியைப் பிடித்துவைக்க அங்கே இடம் இருக்கவில்லை. வேறு வேறு விதமாக நான்கைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன், இந்த வரியில் அதேதான்.

அன்றைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். இரண்டு வேறு மூலங்கள் ஒரே முடிவில் வந்து விழுந்தால், முடிவை வைத்துக்கொண்டு எது மூலம் என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை ராத்திரி உட்கார்ந்தாலும், எவ்வளவு கடல் தெரிந்தவராக இருந்தாலும் முடியாது. ‘நாங்க’ என்றதா ‘நாம’ என்றதா என்பதும் இதே கதைதான். பாசி எடுக்கும் பெண்களுக்குள் பேசும்போது ‘நாம’ வரும், வெளியிலிருந்து வந்த பெண்ணிடம் ‘நாங்க’ வரும். பிரதி முழுக்க ‘நாங்கள்’ என்றே இருந்தது. அதை நம்ப எந்தக் காரணமும் இல்லை.

பதினோராவது ராத்திரியில் வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பச்சை 34, உறுதியான மஞ்சள் 17, ஆக 51 வரியைப் போடலாம், 20 வரியை விட்டுவிடலாம் என்று அக்காவிடம் சொல்லத் தயாராக இருந்தேன்.

அடுத்த நாள் காலையில் அக்கா போன் செய்தார். அவருடைய தங்கை மகன் பழைய போனில் ஒரு படம் கண்டுபிடித்திருந்தான். 2019-ல் டைப் செய்த பெண், அம்மாவுக்குப் படித்துக்காட்ட முதல் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறார். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். ஓரம் மடங்கி, மேலே டீ கறை விழுந்து, கொஞ்சம் மங்கல். ஆனால் 14 வாக்கியமும் படிக்க முடிந்தது.

என் தாளை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். 14-ல் 12 வாக்கியம் என் பிரதியில் இருந்தன. இரண்டு எங்கோ வழியில் முழுசாக விழுந்துவிட்டன, அவை இல்லை என்பதற்குச் சின்ன அடையாளம்கூட இல்லை. 12-ல் பச்சை 6, மஞ்சள் 4, சிவப்பு 2.

மஞ்சள் நான்கில் மூன்று சரி. ஒன்று தப்பு, அதுவும் சோதனையில் ஒத்துவந்த தப்பு. பிரதியில் “கடல் ஆற்றுக்குப் பிறகு போவோம்” என்று இருந்தது. வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை ஊரைத்தான் சொல்கிறார் என்று “ஆத்தங்கரை கடலுக்குப் பிறகு போவோம்” என்று எழுதினேன். ஓட்டியதும் ஏறக்குறைய அதே வாக்கியம் வந்தது. போட்டோவில் இருந்தது “கடல் ஆறின பிறகு போவோம்.” ஆறுவது, தணிவது. சாவி திரும்பியது, ஆனால் இன்னொரு சாவிக்கும் அந்தப் பூட்டு திரும்பும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஓர் ஊகத்தோடு நிறுத்தாமல் குறைந்தது இரண்டை ஓட்டியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய அடி பச்சையில் விழுந்தது. நான் தொடவே தேவையில்லை என்று விட்ட ஆறில் மூன்று கெட்டிருந்தன.

“மசூதிக்குத் தெற்கே பாசி அதிகம்” என்று ஒரு வரி. பாம்பனில் மசூதி இருக்கிறது, அடையாளத்துக்கு மசூதியைச் சொல்வதும் வழக்கம்தான். சந்தேகமே வரவில்லை. மூலத்தில் இருந்தது புள்ளிவாசல் தீவு. ‘பள்ளிவாசல்’ என்று படிக்கப்பட்டு மசூதியாகிவிட்டது.

இரண்டாவது, “தகட்டால் கீறல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.” பாசி எடுக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகத்தான் தெரியும். துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் கல்லிலும் சிப்பியிலும் வெட்டுப்படாத கை இல்லை. ஆனால் மூலம் இது: “தகடு வச்சு சுரண்டக் கூடாது, வேர் போயிரும்.” சுரண்டுவது என்பது இந்தியில் கீறலாகியிருக்கிறது. வேர் போகும் என்ற பாதி எங்கேயோ உதிர்ந்துவிட்டது. பாசியைக் காப்பாற்றச் சொன்ன வரி கையைக் காப்பாற்றச் சொல்லும் வரியாகிவிட்டது. கையால் நுனியை மட்டும் பறித்து அடியை விட்டால்தான் மறுபடி துளிர்க்கும். அந்தப் பெண்கள் தாங்களாகவே தகட்டை விட்டார்கள், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இந்தப் புத்தகத்தைப் போடுவதே அதைச் சொல்லத்தான். அந்த வரியைத்தான் நான் பச்சை என்று விட்டிருந்தேன்.

மூன்றாவது, “அந்தக் காலத்தில் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும்.” நல்ல வாக்கியம், பொருளும் பொய்யில்லை. போட்டோவில் இருந்தது: “கச்சான் நின்னு கடல் சோர்ந்து கெடக்கும், பாரு உள்ளங்கை ரேகை மாதிரித் தெரியும்.”

கச்சான் என்பது இந்தக் கரையில் ஒரு காற்றின் பெயர். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ‘அமைதி’, ‘தெளிவு’ என்ற இரண்டு சொல்லிலிருந்து உள்ளங்கை ரேகைக்குத் திரும்ப வழியே இல்லை. கோணலாக மொழிபெயர்ந்த வாக்கியம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நேற்றும் துர்நாற்றமும் புனிதர்களும் அப்படித்தான் கண்ணில் பட்டன. இப்படி நல்ல தமிழாக வழவழவென்று வந்த வாக்கியத்தில் என்ன போனது என்று தேடவே தோன்றாது. ஆறில் மூன்று என்றால், மீதி 28 பச்சையிலும் பாதி இப்படி இருக்கலாம். எந்தப் பாதி என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னப்பாலம் போனேன். அக்கா வீட்டுத் திண்ணையில் அவரும், அம்மாவோடு சேர்ந்து பாசி எடுத்த மூன்று பெண்களும் இருந்தார்கள். முதலில் போட்டோவில் இருந்த 14 வாக்கியத்தைப் படித்தேன். உள்ளங்கை ரேகை வரி வந்ததும் அக்கா தலையை ஆட்டினார்.

“மாதிரின்னு சொல்லாது தம்பி. ‘ரேகை கணக்கா’ன்னுதான் சொல்லும். அந்தப் புள்ள டைப் அடிக்கும்போது மாத்திருக்கும்.”

நான் மூலம் என்று பிடித்துக்கொண்டிருந்த பக்கமும் ஏற்கனவே ஒரு கை பட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ‘கணக்கா’ என்று திருத்தட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “வேணாம். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினாங்கள்ல, அது சரின்னுதான சொல்லிருக்கு. அப்படியே இருக்கட்டும்” என்றார். அவர் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது.

அங்கேயே முடிவெடுத்தோம். அம்மா பேசியதாக மேற்கோள் குறிக்குள் போடுவது போட்டோவில் உள்ள 14 வாக்கியம் மட்டும். உறுதியான மஞ்சளில் போட்டோவுக்கு வெளியே இருந்தது 13. அவற்றை மூன்று பெண்களுக்கும் படித்துக்காட்டினேன். இது சரியா என்று கேட்கவில்லை, ‘இந்த இடத்துல நீங்க என்ன செய்வீங்க’ என்றுதான் கேட்டேன். சரியா என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். 11 வரிக்கு அவர்கள் சொன்னதும் என் ஊகமும் ஒன்றாக இருந்தன. அவற்றை ‘இப்படிச் சொல்லியிருக்கிறார்’ என்ற நடையில், மேற்கோள் இல்லாமல் தனிப் பக்கமாகப் போட்டேன். இரண்டை விட்டோம். பச்சையில் மிச்சம் இருந்த 28-ஐ முழுசாக எடுத்துவிட்டேன். படிக்க நன்றாக இருந்த வரிகளை எடுத்தது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

காலியான பக்கங்களுக்கு அந்த மூன்று பெண்களையே பேசச் சொல்லி என் போனில் பதிவு செய்தேன், 52 நிமிஷம். அதை அவர்கள் பேச்சாகவே, அவர்கள் பெயரிலேயே போடுகிறோம்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு ராத்திரி, சராசரியாக இரண்டரை மணி நேரம். சின்னப்பாலத்துக்கு மூன்று தடவை போய்வந்த பஸ், ஆட்டோ 420 ரூபாய். திருத்தத் தாள் 60 பக்கம், என் கடைக் கணக்கில் 120 ரூபாய். பழைய போனிலிருந்து படத்தை எடுக்க பேட்டரி மாற்றிய செலவு 350 ரூபாய், அதை அக்கா கொடுத்தார்.

இப்படி இன்னொரு பிரதி வந்தால், உட்காரும் முன் ஒரு வாரம் மூலத்தைத் தேடுவேன். அனுப்பிய பெட்டி, பழைய போன், அச்சடித்த கடை, வீட்டுப் பரண் எல்லாவற்றிலும். இந்தத் தடவை அந்தப் பழைய போன் முதல் நாளே கிடைத்திருந்தால் பாதி ராத்திரி மிச்சம். பிறகு, உறுத்தாத வாக்கியங்களையும் உறுத்துகிறவற்றோடு சேர்த்தே சந்தேகப்படுவேன். குறிப்பாக இடம், காற்று, அளவு, தடை இந்த நான்கும் வரும் வரிகளை, எவ்வளவு நன்றாக இருந்தாலும் பச்சை தீட்டமாட்டேன். என் கடையில் டைப் ஆகும் எந்தப் பேச்சையும் மொழிபெயர்க்க அனுப்பும்போது, முதல் தமிழை அதே கோப்பில் கீழே ஒட்டித்தான் இனி அனுப்புகிறேன். அறிக்கை எத்தனை கை மாறினாலும் அது கூடவே போகும்.

ஆவுளியா வரியைப் பற்றி அக்காவிடம் தனியாகக் கேட்டேன். அம்மா கடல்பசுவைப் பார்த்திருக்கிறாரா என்று.

“ஒரே தடவ பாத்துருக்கு. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது. ஆனா அது எந்தப் பாருன்னு எனக்குத் தெரியாது தம்பி. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது அதத்தானா, இல்ல எங்க அம்மாச்சி சொன்ன கதையான்னும் தெரியல.”

அச்சுக்குப் போன பக்கத்தில் அந்த வரி இப்படி இருக்கிறது: ‘முன்பு அந்தப் பாரில் ஆவுளியா மேய்ந்தது பற்றியும் சொல்லியிருக்கிறார். நேரில் கண்டதா, கேட்டதா என்பது பிரதியில் தெரியவில்லை.’